40,000 ரூபாய், ஆறு மாதம், ஒரு மாப்பிள்ளை முகம்

ஆடி பிறந்த வாரம் அக்கா மகன் கடைக்கு வந்தான். கும்பகோணத்தில் நான் மருந்துக் கடை வைத்து 22 வருடம் ஆகிறது. சொந்தக்காரர்களில் பாதிப் பேர் டாக்டரிடம் போவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். இவன் வந்தது உடம்புக்கு அல்ல, முகத்துக்கு. ஆவணியில் நிச்சயதார்த்தம், தை கடைசியில் கல்யாணம். முகத்துக்கென்று 40,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருந்தான். பக்கத்து ஊர் அழகு கிளினிக் ஒன்றில் 38,000 ரூபாய்க்கு 'மாப்பிள்ளை பேக்கேஜ்' என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்: லேசர் டோனிங் ஆறு முறை, ரசாயனம் பூசித் தோலை உரிக்கும் கெமிக்கல் பீல் இரண்டு, வெளுப்பாக்கும் என்று போடும் குளுட்டாதயோன் ஊசி எட்டு.

"அட்வான்ஸ் கட்டிடவா மாமா?"

வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தப் பணம் அவன் கையில் உறுத்திக்கொண்டே இருக்கும், இந்தக் கிளினிக் இல்லாவிட்டால் இன்னொன்று. அதனால் கடை வாசலுக்கு, வெயில் சாய்வாக விழும் இடத்துக்குக் கூட்டிப் போய் நிறுத்தி முகத்தைப் பார்த்தேன். மேல்வரிசை முன்பல் ஒன்றில் மூலை உடைந்திருந்தது. கல்லூரி நாளில் சோடா பாட்டிலைப் பல்லால் திறந்ததன் நினைவு. பாபநாசம் பக்கம் அவர்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால் உண்டு, வீட்டில் எல்லோரும் போடுவார்கள், இவனும் போடுவான். பல்லும் ஈறும் சேரும் இடமெல்லாம் செம்பழுப்புக் கோடு. கன்னத்தில் பரு வந்து போன கறுப்புத் தழும்புகள், நடுவில் சில குழிகள். கழுத்தில் சவரம் செய்த இடத்தில் கறுப்புப் புள்ளிகள். புருவத்திலும் மூக்கின் இரு பக்கமும் வெள்ளையாகச் செதில். இவ்வளவும் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, கன்னம் இரண்டும் தக்காளி மாதிரி சிவந்திருந்தது. மாநிற முகத்தில் அப்படிச் சிவப்பு சும்மா வராது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எதற்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று பார்க்கும்போது முதலில் கைக்கு வருவது ஒரு சின்ன வகுத்தல் கணக்கு. செலவை, பலன் நிற்கும் காலத்தால் வகுப்பது. பார்லரில் 1,500 ரூபாய்க்கு ஃபேஷியல் செய்தால் மினுமினுப்பு ஐந்து நாள் நிற்கும், நாளுக்கு 300 ரூபாய். முன்பல் ஆறுக்கும் வெனீர், அதாவது பல்லின் முன்பக்கம் மெல்லிய ஓடு, ஒட்ட, பல்லுக்கு 10,000 என்று வைத்தால் 60,000 ஆகும். பத்து வருடம் நின்றால் மாதத்துக்கு 500 ரூபாய்தான். அட, வெனீர் மலிவாக இருக்கிறதே என்று தோன்றும். இந்தக் கணக்கு ஆளை ஏமாற்றுவது இங்கேதான். வெனீருக்குப் பெரும்பாலும் நல்ல எனாமலைச் சீவ வேண்டும், சீவிய எனாமல் திரும்ப முளைக்காது. 28 வயதில் ஒட்டினால் 38-லும் 48-லும் மறுபடி செலவு. ஃபேஷியல் பிடிக்கவில்லை என்றால் இழப்பு 1,500 ரூபாயோடு போச்சு. ஆகவே வகுத்தலோடு இன்னும் இரண்டு பார்க்க வேண்டும்: தப்பாகப் போனால் பழையபடி ஆக்க முடியுமா, இது சரியாக அமைய இதற்கு முன்னால் வேறு எது முடிந்திருக்க வேண்டும். என் அனுபவத்தில் பணம் அதிகம் வீணாவது இந்த இரண்டாவதில்தான். மலிவான வேலை முடியாமல் விலை உயர்ந்த வேலைக்குப் போகிறார்கள்.

பல்லை எடுத்துக்கொண்டால் அது கண்ணெதிரே தெரியும். அவன் மனதில் 'பல் வெள்ளையாக்கணும்' என்றுதான் இருந்தது. வீட்டில் இரவு அச்சு மாட்டிக்கொண்டு செய்யும் ப்ளீச்சிங்குக்கு 6,000 ரூபாய் கேட்டிருந்தார்கள். அதில் பெரும்பாலும் கார்பமைடு பெராக்சைடு ஜெல் இருக்கும், இரண்டு வாரம் போல வைத்துக்கொள்ள வேண்டும், பல் கொஞ்ச நாள் கூசும். நல்ல முறைதான். ஆனால் காறையின் மேல் ப்ளீச் வேலை செய்யாது, சொத்தை உள்ள பல்லில் ஜெல் இறங்கினால் துடித்துப் போவான். முன்பல்லில் அடைக்கும் காம்போசிட் பூச்சு ப்ளீச்சில் வெளுக்காது. அதனால் முன்பல் மூலையை முதலில் கட்டிவிட்டு அப்புறம் ப்ளீச் செய்தால் மற்ற பல்லெல்லாம் வெளுத்து, கட்டிய மூலை மட்டும் மஞ்சளாக நிற்கும். ப்ளீச் செய்த உடனே கட்டினாலும் சரியாக ஒட்டாது, நிறமும் இன்னும் நிலைக்காது. இரண்டு வாரமாவது விட வேண்டும். ஆக, காறை எடுப்பது, சொத்தை அடைப்பது, தேவையானால் ப்ளீச், இரண்டு வாரம் பொறுத்து மூலை. இந்த வரிசையை மாற்றினால் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கட்ட வேண்டியிருக்கும்.

பல் டாக்டர் அம்மா காறை எடுப்பதற்கு முன் அவனை வாயை அகலத் திறக்கச் சொல்லி, அவனுடைய மூன்று விரலையே நிறுத்தி உள்ளே விடச் சொன்னார். காரம் சாப்பிட்டால் எரிகிறதா, கன்னத்தின் உள்பக்கம் வெளுத்திருக்கிறதா என்று பார்த்தார். பாக்கு போடுகிறவர்களுக்கு உள்கன்னம் நார் கட்டி வாய் திறப்பது குறையலாம், அது புற்றுநோய்க்கு வழி விடலாம். மூன்று விரல் தாராளமாகப் போனது. போகாதிருந்தால் அந்த 40,000-க்கும் வேறு வேலை வந்திருக்கும், அழகுப் பேச்சே எழுந்திருக்காது. பாக்குப் பழக்கம் உள்ள யாரும் பல் செலவை இங்கே தொடங்குவதுதான் முறை. இதற்குத் தனிக் கட்டணம் எதுவும் இல்லை.

காறை எடுக்க 1,000 ரூபாய், முக்கால் மணி நேரம். எழுந்து கண்ணாடி பார்த்தவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தச் செம்பழுப்பு முழுவதும் பல்லின் மேல் படிந்த கறைதான், பல்லின் நிறம் அல்ல. டாக்டர் அம்மா நிற அட்டையைப் பல்லருகே வைத்துக் காட்டினார். நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு இருக்கும் லேசான மஞ்சள்தான். "இதுக்கு மேல வெளுத்தா போட்டோல பல்லு மட்டும்தான் தெரியும்" என்றார். ப்ளீச்சிங் அத்தோடு பட்டியலை விட்டுப் போனது, 6,000 மிச்சம். கடைவாயில் இரண்டு சொத்தை அடைக்க 2,400, முன்பல் மூலை கட்ட 1,800. பல்லுக்கு ஆன மொத்தம் 5,200 ரூபாய். ஆறடி தூரத்தில் நின்று பேசுகிறவருக்கும் தெரிகிற மாற்றம் அவன் முகத்தில் இது ஒன்றுதான். சிலருக்கு எங்கள் வட்டார விலையும் கட்டாது. மயிலாடுதுறை, சீர்காழிப் பக்கம் உள்ளவர்கள் அண்ணாமலை நகர் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். மாணவர்கள் செய்வார்கள், ஆசிரியர் மேற்பார்வை இருக்கும், செலவு குறைவு, நேரம்தான் கூடுதல்.

இனி அந்தச் சிவப்பு.

"ராத்திரி என்னடா பூசுற?" என்றேன். முதலில் ஒன்றுமில்லை என்றான். அப்புறம் சலூனில் ஒருவர் சொல்லி ஏழு மாதமாக ஒரு 'நைட் கிரீம்' போடுவதாக ஒப்புக்கொண்டான். போனில் டியூபின் படம் இருந்தது. பெரிதாக்கி பொடி எழுத்தைப் படித்தேன்: மொமெட்டசோன், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின். மங்குக்காகத் தோல் டாக்டர் எழுதிக்கொடுத்து, சில வாரங்கள் மட்டும், கண்காணிப்பில் போட வேண்டிய மருந்து அது. முதல் பெயர் ஸ்டீராய்டு. 200 ரூபாய்க்குள் கிடைத்துவிடும் என்பதால் ஊரெல்லாம் வெள்ளை ஆகும் கிரீமாகப் போய்க்கொண்டிருக்கிறது. இந்த வகை ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. என் தொழில்காரர்களே சிலர் அதை மதிப்பதில்லை, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இந்தக் கிரீம் எப்படி ஆளைப் பிடிக்கிறது என்றால், முதல் மாதம் அற்புதமாக இருக்கும். சிவப்பு அடங்கும், பரு அமுங்கும், நிறம் தெளியும். பிறகு தோல் மெலிந்து, வெயில் பட்டால் எரியும், கன்னத்தில் நூல் போல ரத்தக் குழாய்கள் தெரியும், ஒரே அளவில் பொடிப் பருக்கள் கிளம்பும், சிலருக்கு மெல்லிய முடிகூட முளைக்கும். சரி, நிறுத்திவிடலாம் என்று நிறுத்தினால் மூன்று நாலு நாளில் முகம் கொதிக்கும். பயந்து மறுபடி பூசினால் அடங்கும். 'இந்தக் கிரீம் இல்லாமல் என் முகத்துக்கு ஆகாது' என்று சொல்கிறவர்கள் எல்லாம் இந்தச் சுழலில் இருக்கிறவர்கள். பரிசோதனை சுலபம்: சில நாள் போடாமல் இருந்தால் முகம் எரிந்து சிவக்கிறதா? சிவந்தால் டியூபை எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போக வேண்டும். தானாக ஒரேயடியாக நிறுத்தினால் பெரும்பாலானோர் தாங்காமல் திரும்ப ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அந்த பேக்கேஜ் தாளை இப்போது மறுபடி எடுத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். மெலிந்த, எரிகிற தோலின் மேல் கெமிக்கல் பீல். நம் மாநிறத் தோலுக்கு எந்தப் புண்ணும் கறுப்பாகத்தான் ஆறும். கொதிக்கும் தோலில் பீல் போட்டால் இருந்த தழும்புக்கு மேல் புதிய கறுப்பு. லேசர் டோனிங் நிறத்தைக் கொஞ்சம் குறைக்கும், நிறுத்தி வெயிலில் அலைந்தால் திரும்பும், அளவு மீறினால் கோலப்பொடி தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் விழும், அவை லேசில் போவதில்லை. குளுட்டாதயோன் ஊசி தோல் வெளுப்பதற்கென்று அனுமதி பெற்ற மருந்தே அல்ல. கிளினிக்கில் ஒருவரும் அவன் ராத்திரி என்ன பூசுகிறான் என்று கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்காத இடத்தில் நான் 38 ரூபாய்கூடக் கட்ட மாட்டேன்.

தோல் டாக்டரைப் பார்க்க முறைக்கு 500 ரூபாய், நாலு முறை போனான், 2,000. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போயிருந்தால் அதுவும் இல்லை, வேலைக்கு லீவு போட முடியாது என்று தனியாரிடம் போனான். அவர் ஸ்டீராய்டை வீரியம் குறைந்ததாக மாற்றி, நாள் இடைவெளி விட்டு விட்டுக் குறைத்தார். முதல் மாதம் மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் தவிர எதையும் தொடக் கூடாது என்றார். நிச்சயதார்த்தம் அந்த மாதத்தில்தான் வந்தது. படத்தில் முகம் சிவந்துதான் இருக்கிறது. அக்கா என்னோடு ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. "அந்த கிரீமையே கல்யாணம் வரைக்கும் போட விட்டிருக்கலாம்ல" என்பது அவள் கட்சி. ஐப்பசி பிறந்தபோதுதான் சிவப்பு முழுதாக அடங்கியது. அதற்குப் பிறகு பருவுக்கு அடாபலீன் ஜெல், ஒன்றுவிட்டு ஒரு இரவு, முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு. அதன் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும், ஆரம்பத்தில் தோல் உரியும். இரண்டாவது வாரத்திலேயே 'ஒத்துக்கலை' என்று தூக்கி எறிகிறவர்கள்தான் என் கடையில் அதிகம்.

சன்ஸ்கிரீனைப் பற்றி ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் முழு நீளத்துக்குப் பிதுக்கினால் ஒரு கிராம் போல வரும். முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தடவை போட வேண்டிய அளவு அதுதான். 50 கிராம் டியூப் அந்தக் கணக்கில் ஐம்பது நாளில் தீர வேண்டும். ஆறு மாதம் வைத்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்கிறவர், தேவையில் கால்வாசியைத்தான் பூசியிருக்கிறார், அட்டையில் போட்ட எஸ்பிஎஃப் 50 அவர் முகத்தில் இல்லை. இவனுக்கு வேலை உர வியாபாரம், நாள் முழுக்க பைக்கில் ஊர் ஊராக அலைச்சல். 450 ரூபாய் டியூப் ஆறு மாதத்துக்கு நாலு, 1,800. பரு போன கறுப்புத் தழும்பு வெயில் படாமல் இருந்தால் மாதக் கணக்கில் தானாகவே மங்கும். ஆகவே அவன் வாங்கக்கூடிய தழும்பு மருந்தில் சிறந்தது இதுதான். ஜெல், மாய்ஸ்சரைசர், ஃபேஸ்வாஷ் எல்லாம் சேர்த்து இன்னொரு 2,700.

முடி, மீசை, தாடிக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கழுத்துப் புள்ளிகள் ஒட்டச் சிரைப்பதால் வருபவை, வெட்டுப்பட்ட முடி சுருண்டு தோலுக்குள்ளேயே குத்துகிறது. பிளேடை விட்டு டிரிம்மருக்கு மாறி, துளி முடி இருக்கும்படி விட்டதும் இரண்டு மாதத்தில் குறைந்தது. டிரிம்மர் 1,500, சலூன் மாதம் இரண்டு முறை 200 வீதம் ஆறு மாதத்துக்கு 2,400. புருவத்துச் செதில் வறட்சி என்று நினைத்து அவன் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்; அது பொடுகு, எண்ணெய் போட்டால் இன்னும் செழிக்கும். கீட்டோகொனசோல் ஷாம்பு வாரம் இரண்டு முறை, நுரையை ஐந்து நிமிடம் விட்டு அலச வேண்டும், 400 ரூபாய். தாடைக்கு, தோலுக்கடியில் ஊசியால் ஜெல் ஏற்றும் ஃபில்லர் போடலாமா என்றும் ஒருநாள் கேட்டான், ரீல்ஸில் பார்த்தானாம். ஒரு மில்லி ஜெல்லுக்கே இருபதாயிரத்துக்கு மேல், ஒன்றரை வருடத்துக்குள் கரைந்துவிடும், தப்பித் தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் தோல் செத்துப் போகும், கண் பார்வைகூடப் போன சம்பவங்கள் உண்டு. சலூன்காரர் தாடியின் கீழ்க் கோட்டைத் தாடையெலும்புக்கு ஒரு விரல் கீழே நிறுத்தினார். தாடை வந்துவிட்டது.

அப்படியானால் ஊசி, லேசர் எதுவுமே வேண்டாமா என்றால், இல்லை. குழிக்கு வேண்டும். தழும்பா குழியா என்று பார்க்க, ஜன்னல் ஓரம் பக்கவாட்டு வெளிச்சத்தில் நின்று ஒரு படம் எடுத்தால் போதும். நிழல் விழுந்தால் குழி, விழாமல் கறுப்பாக மட்டும் இருந்தால் தழும்பு. தழும்புக்குக் காலமும் சன்ஸ்கிரீனும் போதும். குழியை எந்தக் கிரீமும் நிரப்பாது, எவ்வளவு விலை கொடுத்தாலும். அதற்கு, நுண்ணூசிகளால் தோலைக் குத்தும் மைக்ரோநீடிலிங் மாதிரி தோலுக்குள் இறங்குகிற வேலைதான், மாத இடைவெளியில் நாலு ஐந்து முறை. முழுதாகப் போகாது, ஆழம் குறையும். அதைச் செய்ய தோல் அமைதியாக இருக்க வேண்டும், புதுப் பரு வருவது நின்றிருக்க வேண்டும். கார்த்திகையில் டாக்டரிடம் கேட்டபோது, ஸ்டீராய்டு விட்டு இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், கல்யாணத்துக்கு முன்னால் ஊசி வேண்டாம் என்றுவிட்டார்.

கூட்டிப் பார்த்தால் டாக்டருக்கு 2,000, பல்லுக்கு 5,200, பூச்சுகளுக்கு 4,500, முடிக்கும் தாடிக்கும் ஷாம்புவோடு 4,300. மொத்தம் 16,000. இதே பணத்தை மறுபடி வரிசைப்படுத்தச் சொன்னால் நான் காறை எடுப்பதை முதலில் வைப்பேன், அடுத்தது தோல் டாக்டரின் அந்த முதல் 500 ரூபாய், பிறகு சன்ஸ்கிரீனும் முன்பல் மூலையும், அப்புறம் டிரிம்மர். அடாபலீன் ஐந்தாவது, அதுவும் நேரம் இருந்தால். குழி வேலை கடைசி, ஆனால் பட்டியலில் உண்டு. பேக்கேஜ் தாளில் இருந்த மூன்றில் ஒன்றும் இதில் வராது. இது இவன் முகத்துக்கான வரிசை. பல் வரிசை கோணலாக இருந்து, கல்யாணம் இரண்டு வருடம் தள்ளி இருந்தால் கிளிப் போடுவதை நான் மேலே கொண்டுவருவேன். மங்கு உள்ள பெண்ணுக்கு சன்ஸ்கிரீன், அதுவும் தோல் நிறச் சாயம் கலந்தது, எல்லாவற்றுக்கும் முன்னால் வந்துவிடும். கர்ப்பமாக இருக்கிறவருக்கோ ஆகப் போகிறவருக்கோ அடாபலீன் பட்டியலிலேயே இருக்கக் கூடாது.

மீதி 24,000 அவன் கணக்கிலேயே கிடக்கிறது. மைக்ரோநீடிலிங் ஒரு முறைக்கு 3,500 என்று சொல்லியிருக்கிறார்கள், நாலு முறைக்கு 14,000. பங்குனி இரண்டாம் வாரம் முதல் முறைக்கு நாள் வாங்கியிருக்கிறான். அக்கா இப்போது பேசுகிறாள். போன வாரம் தன் கன்னத்து மங்கைக் காட்டி, சலூன்காரர் சொன்ன அந்த டியூப் இன்னும் பாதி இருக்கிறதே, தான் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். வாங்கி வந்து கடைக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.